பி.காம் படித்துவிட்டு டிசைன் வேலைக்குப் போகிறீர்களா? "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் தயாரிக்கும் முழுமையான வழிகாட்டி

"பி.காம் முடிச்சிருக்கீங்க. அப்புறம் எப்படி டிசைன் பக்கம் வந்தீங்க?"

டிசைன் வேலைக்கு விண்ணப்பிக்கும் வணிகவியல் பட்டதாரிக்கு இன்டர்வியூ சூடுபிடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இதைக் கேட்கிறவர்களில் நானும் ஒருவன். பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "சின்ன வயசுலேருந்தே டிராயிங்னா எனக்கு உயிர் சார்." இன்னொன்று, "வீட்ல சொன்னாங்கன்னு பி.காம் சேர்ந்தேன், அதுல எனக்கு இன்ட்ரஸ்டே இல்ல." இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்கிறவருக்கு இரண்டாலும் பிரயோஜனம் இல்லை. படம் வரைவது வேறு, டிசைன் வேலை வேறு என்பது அவருக்குத் தெரியும். மூன்று வருடம் பிடிக்காமல் படித்தேன் என்று ஒருவர் சொன்னால், இதுவும் பிடிக்காமல் போனால் என்ன செய்வாரோ என்ற யோசனைதான் வரும்.

பி.காம் முடித்து, கணக்கு வேலை கொஞ்சம் பார்த்தோ பார்க்காமலோ, யூஐ யூஎக்ஸ் அல்லது கிராஃபிக் டிசைனில் முதல் வேலை தேடுகிறவருக்காக இதை எழுதுகிறேன். ஃபிக்மா ஓரளவு பழகிவிட்டீர்கள், ஒரு கோர்ஸும் முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மிச்சம் இருப்பது, படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை எப்படிச் சொல்வது என்பது மட்டும்.

கேட்பவர் உண்மையில் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்

ஒரே கேள்விதான், ஆனால் கேட்கும் ஆளைப் பொறுத்து உள்ளே இருக்கும் சந்தேகம் மாறும். எச்.ஆர். கேட்டால், நீங்கள் ஆறு மாதத்தில் வங்கித் தேர்வு எழுதக் கிளம்பிவிடுவீர்களா என்று பார்க்கிறார். டிசைன் டீமின் லீட் கேட்டால், அழகான திரைகளைப் பார்த்து வரைகிறவரா, பிரச்சினையைப் பிடித்து அவிழ்க்கிறவரா என்று பார்க்கிறார். சின்ன ஸ்டூடியோவின் முதலாளி கேட்டால் இன்னொரு கணக்கும் அவர் மனதில் ஓடலாம். டிசைனும் பண்ணுவார், மாசக் கடைசியில் ஜி.எஸ்.டி. வேலையையும் இவரிடமே தள்ளிவிடலாம். இந்தக் கடைசி ஆபத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இந்த மூன்று பேருக்கும் வாயால் மட்டும் உறுதி கொடுத்துத் திருப்திப்படுத்த முடியாது. "நான் கண்டிப்பா இருப்பேன் மேடம்" என்பதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். நீங்கள் கணக்கு மேசையில் உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்ட ஒரு கோளாறு, அதை டிசைனாக எடுத்துச் சரிசெய்த ஒரு வேலை, அதைக் காட்ட ஒரு காகிதம் அல்லது ஒரு திரை, இவ்வளவும் இருந்தால் மூவருக்கும் ஒரே பதில் போதும். அந்த வேலைக்குள் உங்கள் பி.காம் எங்கே உழைத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், "ஏன் மாறினீங்க" என்ற கேள்வியில் காரம் போய்விடும்.

ஆகவே பதிலை எழுத உட்காராதீர்கள். முதலில் அந்த வேலையைச் செய்துமுடிக்க வேண்டும்.

முதல் படி: உங்கள் கைபட்ட காகிதங்களைப் பட்டியல் போடுங்கள்

வணிகவியல் படித்தவர் நாள் முழுக்கப் புழங்குவது படிவங்களோடும் கட்டங்களோடும்தான். பில், வவுச்சர், லெட்ஜர், ஸ்டாக் ரெஜிஸ்டர், வங்கிச் சலான், டேலி திரை, எக்ஸெல் ஷீட், ஆடிட்டர் அலுவலகத்தில் கிளையன்ட்டிடம் கேட்டு வாங்கும் ஆவணப் பட்டியல் என்று நீங்கள் தொட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். வேலைக்கே போகாதவரும் எழுதலாம். கல்லூரி ஃபீஸ் ரசீது, அப்பாவின் கடை பில் புக், அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுப் பாஸ்புக் எல்லாமே கணக்கில் சேரும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதில் யார் எங்கே தடுமாறினார்கள் என்று எழுதுங்கள். "பார்க்க நல்லா இல்ல" என்பது தடுமாற்றம் ஆகாது. யாரோ ஒருவர் தப்பான கட்டத்தில் எழுதியது, போன் போட்டு விளக்கம் கேட்டது, திரும்ப எழுதச் சொன்னது, பணம் அல்லது சரக்கு மாறிப்போனது, இப்படி ஏதாவது நடந்திருக்க வேண்டும். நீங்களே கண்ணால் பார்த்ததாகவும், அந்தக் காகிதத்தை இப்போதும் கையில் எடுக்கக்கூடியதாகவும் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரபலமான சாப்பாட்டு ஆப் ஒன்றின் முகப்பை மாற்றி வரைந்து போர்ட்ஃபோலியோவில் போடும் பழக்கம் இருக்கிறதே, அதை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். அதை யாரும் செய்யலாம். செய்துகொண்டும் இருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் உள் விவரம் எதுவும் உங்களுக்குத் தெரியாது என்பதால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் படிப்புக்கும் அந்தத் திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டாம் படி: அந்த ஒன்றை ஆழமாகச் செய்யுங்கள்

ஒரு உதாரணத்தை முழுக்கப் பார்த்துவிடலாம். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்த பி.காம் பட்டதாரி ஒருத்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் எடுத்துக்கொண்டது டெலிவரி சலான், அந்த ஊர்ப் பேச்சில் டி.சி. நிட்டிங் முடிந்த துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பும்போது ரோல்களோடு கூடவே போகும் தாள். கலர், துணியின் அகலத்தைச் சொல்லும் டயா, கனத்தைச் சொல்லும் ஜி.எஸ்.எம்., எத்தனை ரோல், எத்தனை கிலோ எல்லாம் அதில்தான் இருக்கும்.

பழைய டி.சி.யில், எந்தத் தொகுதித் துணி என்று காட்டும் லாட் நம்பருக்குக் கட்டமே கிடையாது. அதனால் அனுப்புகிறவர் ஓரத்தில் பேனாவால் கிறுக்கிவிடுவார். மறுநாள் சாயப்பட்டறையிலிருந்து போன் வரும்: "அம்மணி, இந்த நேவி எந்த லாட்டுங்க? எழுதுனது ஒண்ணும் புரியல." இதோடு முடிந்தால் பரவாயில்லை. சாயம் போட்டுத் துணி திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும். 482.600 கிலோ போய் 458.450 கிலோ வந்தால் 24.150 கிலோ குறைவு, அதாவது சுமார் 5 சதவீதம். இது பேசிய கழிவுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க, போன டி.சி.யையும் வந்த டி.சி.யையும் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். மாசக் கடைசியில் அவளுக்குப் பெரும்பாலான நேரம் இதிலேயே போகும்.

அவள் முதலில் செய்ய வேண்டியது, பட்டறையிலிருந்து வரும் போன்களை ஒரு நோட்டில் குறித்துவைப்பது. என்ன கேட்டார்கள், எந்தக் கட்டத்தைப் பற்றி, எந்த டி.சி. என்று இரண்டு வாரம் எழுதினால் போதும். டிசைன்காரர்கள் இதை யூசர் ரிசர்ச் என்பார்கள். நோட்டின் ஒரு பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து, இன்டர்வியூவில் அந்தப் போட்டோவுக்குக் கிடைக்கும் மரியாதை பளபளப்பான ஸ்லைடுகளுக்குக் கிடைப்பதில்லை.

அடுத்துத் தாளை மாற்றி வரைவது. அவளுடைய பி.காம் இங்கேதான் கைகொடுக்கிறது. டிசைன் மட்டும் படித்தவர் அந்த டி.சி.யைப் பார்த்தால் முதல் வேலையாகக் கட்டங்களைக் குறைத்துவிடுவார். துணி விற்பனைக்குப் போகவில்லையே, மதிப்பு எதற்கு, எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்கக் கூடாது. சி.ஜி.எஸ்.டி. விதி 55-இன்படி டெலிவரி சலானில் சரக்கின் மதிப்பு இருந்தாக வேண்டும். ஆனால் வரி விகிதமும் வரித் தொகையும், பெறுபவருக்கு விற்பனையாகப் போகும் சரக்குக்குத்தான் கட்டாயம். ஜாப் ஒர்க்குக்குப் போகும் துணிக்கு அந்த இரண்டு கட்டமும் வேண்டியதில்லை. பழைய டி.சி. பில் புக்கைப் பார்த்து அச்சடித்தது என்பதால் அவை வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்தால் லாட் நம்பருக்கு இடம் கிடைத்துவிடும். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்து எடுத்த இந்த ஒரு முடிவுதான் இன்டர்வியூவில் அவள் விரல் வைத்துக் காட்ட வேண்டிய இடம்.

அதே விதி மூன்று காப்பி கேட்கிறது. முதல் காப்பி பெறுபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது அனுப்புபவருக்கு. வந்த எடையைப் பதியும் கட்டம் அலுவலகத்தில் தங்கும் மூன்றாவது காப்பியில் இருந்தால் போதும். போன கிலோவுக்கு நேர் பக்கத்தில் வந்த கிலோ, அதற்குப் பக்கத்தில் குறைவு என்று அமைத்தால், இரண்டு தாள்களைத் தேடும் வேலையே இல்லை. ஆனால் அந்தக் காப்பி கார்பன் வழியாக விழுவது. மெல்லிய கோடும் சின்ன எழுத்தும் மூன்றாவது தாளில் மங்கிப்போகும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்துத் திருப்திப்பட்டு நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது. கார்பன் வைத்து எழுதிப் பார்த்து, கோட்டைத் தடிமனாக்கி, கட்டத்தின் உயரத்தைக் கூட்டி, மறுபடியும் எழுதிப் பார்த்த மூன்று தாள்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எண்களைக் கட்டத்தில் வலது ஓரமாக நிறுத்துவது, தசமப் புள்ளிகள் ஒன்றின்கீழ் ஒன்று விழுவது, எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் அடுத்த கட்ட வேலை. லெட்ஜர் எழுதிய கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர்ட்ஃபோலியோவில் ஏற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிஜ டி.சி.யை அப்படியே போட்டோ எடுத்துப் போடக் கூடாது. பார்ட்டி பெயர், விலை, ஜி.எஸ்.டி. எண் மூன்றையும் மறைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். அதை ஊர் பார்க்கப் போட்டுவைக்கும் பி.காம் பட்டதாரியிடம் எந்த நிறுவனமும் தன் தகவல்களை நம்பிக் கொடுக்காது. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டு அனுமதி வாங்கிவிடுவது இன்னும் நல்லது. மாதிரித் தொகைகளை எழுதும்போது 1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளி வையுங்கள். மென்பொருள் தானாகப் போடும் 100,000 அப்படியே நின்றுவிட்டால், கணக்குப் படித்த ஆள் செய்ததா இது என்று தோன்றும்.

விளைவைச் சொல்லும்போது அளந்ததை மட்டும் சொல்லுங்கள். புதிய டி.சி.யை நிஜத்தில் பயன்படுத்தியிருந்தால், அதற்குப் பிறகு வந்த போன்களையும் அதே நோட்டில் எழுதி ஒப்பிடலாம். முதலாளி அச்சடிக்க மறுத்துவிட்டார் என்றால் அதையும் சொல்லலாம். "பழைய புக் இன்னும் மூணு கட்டு மிச்சம் இருந்துச்சு, அது தீரட்டும்னு சொல்லிட்டார். அதனால நானே பத்து டி.சி. கையால எழுதி, அனுப்புற அண்ணாகிட்ட கொடுத்துப் பார்த்தேன்" என்பது முழுக்க மதிக்கத்தக்க பதில். "40 சதவீதம் நேரம் மிச்சமானது" என்று கையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துவிட்டால், எப்படி அளந்தீர்கள் என்ற அடுத்த கேள்வியில் கதை கந்தலாகிவிடும்.

மூன்றாம் படி: பதிலை எழுதி, பேசிப் பாருங்கள்

இப்போதுதான் பதில். அவள் முதலில் எழுதியது இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"நான் பி.காம் முடிச்சேன் சார். அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போனேன், ஆனா அது ரொம்ப போர். எனக்கு கிரியேட்டிவிட்டி ஜாஸ்தி. அதனால கோர்ஸ் பண்ணி ஃபிக்மா, போட்டோஷாப் எல்லாம் கத்துக்கிட்டேன். டிசைன்தான் என் பேஷன்."

'போர்' என்ற சொல் கணக்கைக் குறை சொல்லவில்லை, பேசுகிறவரைத்தான் காட்டிக்கொடுக்கிறது. டிசைன் வேலையிலும் ஒரே பட்டனின் பதினைந்து நிலைகளை வரைந்து அடுக்கும் நாட்கள் உண்டு. கிரியேட்டிவிட்டி ஜாஸ்தி என்பதை அடுத்தவர் சொல்ல வேண்டும். மென்பொருள் பெயர்கள் ரெஸ்யூமேயிலேயே இருக்கின்றன. இந்தப் பதிலில் நடந்தது என்று ஒரு காட்சி கூட இல்லை. பேசும் ஆளை மாற்றி உட்காரவைத்தாலும் பதில் அப்படியே பொருந்திப்போகும்.

மாற்றி எழுதும்போது ஓர் ஒழுங்கு உதவும். எங்கே இருந்தேன், எதைப் பார்த்தேன், என்ன செய்தேன், அதனால் இந்த வேலைக்கு ஏன் வந்தேன் என்று நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போவது. மாறின காரணம் கடைசியில் தானாக வந்துவிடும்:

"பி.காம் முடிச்சிட்டு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல கணக்கு பார்த்தேன் சார். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்புற டி.சி. என் கையாலதான் போகும். அதுல லாட் நம்பருக்குக் கட்டமே இல்ல. ஓரத்துல எழுதி விடுவாங்க, அங்க படிக்க முடியாம போன் பண்ணுவாங்க. ரெண்டு வாரம் அந்த போன்களை எல்லாம் ஒரு நோட்ல எழுதி வெச்சேன். பார்த்தா பாதி பிரச்சினை அந்தத் தாளோட அமைப்புலதான் இருந்துச்சு. ஜாப் ஒர்க் டி.சி.க்கு வரிக் கட்டம் தேவையில்ல, மதிப்பு மட்டும் இருக்கணும்னு எனக்குத் தெரியும். அதனால எதை எடுக்கலாம்னு நானே முடிவு பண்ண முடிஞ்சுது. கார்பன் காப்பி வெச்சு மூணு தடவை மாத்தி வரைஞ்சேன். அதுக்கப்புறம்தான் இந்த மாதிரி வேலையை டிசைன்னு சொல்வாங்கன்னு தெரிஞ்சு, கோர்ஸ் சேர்ந்தேன். அந்தத் தாள் இங்க இருக்கு, காட்டட்டுமா சார்?"

நிதானமாகச் சொன்னால் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். கணக்கு வேலையைப் பற்றி ஒரு குறையும் இதில் இல்லை. கடைசி வரிதான் முக்கியமானது. அதற்குமேல் பேச்சு உங்கள் பட்டத்தைப் பற்றி நடக்காது, மேசைமேல் கிடக்கும் தாளைப் பற்றித்தான் நடக்கும். போன் வழியாக நடக்கும் முதல் சுற்றில் தாளைக் காட்ட முடியாது. அங்கே "போர்ட்ஃபோலியோவில் முதல் புராஜெக்ட் அதுதான்" என்று முடித்துவிடலாம்.

'பாதி பிரச்சினை' என்பதை நோட்டில் எண்ணிப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'நிறைய' என்றே இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் இன்டர்வியூ என்றால் இதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் வேண்டாம். ஐந்து சொற்களை மட்டும் நினைவில் வையுங்கள்: டி.சி., லாட், நோட்டு, வரிக் கட்டம், கார்பன். வரிசை தப்பாது, ஒப்பிப்பது போலவும் இருக்காது. போனில் ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். கோர்ஸ் பெயர் வருவதற்கு முன்னால் சம்பவம் வந்துவிட்டதா என்று மட்டும் கவனியுங்கள்.

நான்காம் படி: தொடர்ந்து வரும் கேள்விகள்

முதல் பதில் நன்றாக அமைந்தால் அதற்கடுத்துத் தோண்டத் தொடங்குவார்கள். அது நல்ல அறிகுறி.

"சரி, அப்ப ஏன் பி.காம் சேர்ந்தீங்க?" இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டாம். பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், அதற்கு நேரான படிப்பு, டிசைன் என்று ஒரு துறை இருப்பதே அப்போது தெரியாது என்றால் அதையே சொல்லுங்கள். நம் ஊரில் இது எல்லோருக்கும் புரியும். அப்பாவையோ மாமாவையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். இரண்டே வரியில் முடித்துவிட்டு நிறுத்துங்கள்.

"டிசைன் காலேஜ்ல படிச்சவங்களுக்கு இல்லாத எது உங்ககிட்ட இருக்கு?" இங்கே பலரும் டிசைன் மாணவர்களை மட்டம் தட்டிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவரே டிசைன் கல்லூரியில் படித்தவராக இருக்கலாம். உங்களிடம் இல்லாததை முதலில் சொல்லிவிடுங்கள்: "டைபோகிராபி, கலர் எல்லாம் அவங்க நாலு வருஷம் ஆசிரியர்கிட்ட திட்டு வாங்கிக் கத்துக்கிட்டது. எனக்கு அந்தப் பயிற்சி இல்ல, கத்துக்கிட்டிருக்கேன். பில்லிங், பேமென்ட், ரிப்போர்ட் மாதிரி திரை வந்தா, அதுக்குப் பின்னால என்ன கணக்கு ஓடுதுன்னு எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல." இப்படிச் சொல்வதானால் விண்ணப்பிக்கும் இடத்தையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். பில்லிங் மென்பொருள், கடன் ஆப், சம்பளக் கணக்கு மென்பொருள், மொத்த வியாபார ஆப் செய்யும் நிறுவனங்களில் இந்தப் பதிலுக்கு விலை அதிகம். சினிமா போஸ்டர் செய்யும் ஸ்டூடியோவில் இதற்கு அவ்வளவு வேலை இல்லை.

"அக்கவுண்ட்ஸ்ல கூடுதல் சம்பளத்துக்கு வேலை வந்தா போயிடுவீங்களா?" இதற்குச் சத்தியம் செய்யாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே கொடுத்த விலையைச் சொல்லுங்கள். கோர்ஸுக்காக வேலையை விட்டது, கணக்கு வேலைக்கு வந்த அழைப்பை மறுத்தது, வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து புராஜெக்ட் செய்தது என்று உண்மையாக நடந்த ஒன்று இருந்தால் போதும். அப்படி எதுவுமே இல்லையென்றால், நீங்கள் நிஜமாகவே இன்னும் முடிவெடுக்கவில்லையோ என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

"எங்க பில், ஜி.எஸ்.டி. எல்லாமும் பார்த்துக்குவீங்கல்ல?" முன்னால் சொன்ன ஆபத்து இதுதான். சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் தீவிரமாகவே கேட்பார்கள். முழுக்க மறுத்தால் முறைத்துக்கொண்டது போலாகும். சம்மதித்தால் ஆறாவது மாதம் நீங்கள் மறுபடியும் வவுச்சர் போட்டுக்கொண்டிருப்பீர்கள். "அவசரத்துக்கு உதவுவேன் சார், ஆனா என் வேலை டிசைன்னு ஆஃபர் லெட்டர்ல இருக்கணும்" என்று மரியாதையாகச் சொல்லலாம். பதவியின் பெயரும் பொறுப்புகளும் கடிதத்தில் எப்படி வருகின்றன என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது 'அக்கவுண்ட்ஸ் மற்றும் டிசைன்' என்ற பதவிப் பெயரை விளக்க இன்னொரு வழிகாட்டி தேவைப்படும்.

ஐந்தாம் படி: ரெஸ்யூமேயும் படிவங்களும்

பட்டத்தை ஒளிக்காதீர்கள். "இளநிலைப் பட்டம்" என்று மட்டும் எழுதிப் பாடத்தை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவருக்கு அது உடனே உறுத்தும். வேலை உறுதியான பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் பாடம் எப்படியும் தெரிந்துவிடும். பட்டத்தின் பெயர், பாடம், கல்லூரி, முடித்த ஆண்டு எல்லாம் இருக்கட்டும். இடம் மட்டும் கீழே போகட்டும்.

மேலே பெயர், அதற்குக் கீழே போர்ட்ஃபோலியோ இணைப்பு, அடுத்து இரண்டு வரி அறிமுகம். அந்த இரண்டு வரியிலேயே இடைவெளிக்கு விளக்கம் வந்துவிட வேண்டும். "ஜவுளி நிறுவனக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பி.காம் பட்டதாரி. அங்கே டெலிவரி சலானைத் திருத்தி அமைத்ததில் தொடங்கி, இப்போது வணிக ஆவணங்களுக்கும் பில்லிங் திரைகளுக்கும் டிசைன் செய்கிறேன்" என்பது போல. இதைப் படித்தவருக்கு, கீழே பி.காம் என்று பார்க்கும்போது ஆச்சரியம் வராது.

கணக்கு வேலையில் என்னென்ன செய்தீர்கள் என்ற பட்டியலில் வங்கிச் சரிபார்ப்பு, ரிட்டர்ன் தாக்கல் எல்லாம் ஒரு வரிக்குமேல் வேண்டாம். டிசைன் வேலைக்குத் தொடர்புள்ளதை மட்டும் விரித்து எழுதுங்கள்: பட்டறை, வண்டிக்காரர், ஆடிட்டர் மூன்று பேரும் பயன்படுத்தும் தாளைக் கையாண்டது, எக்ஸெல்லில் எடைக் குறைவு அறிக்கை தயாரித்தது. ஆன்லைன் படிவங்களில் பாடப்பிரிவுக்கு 'டிசைன்' என்று தேர்ந்தெடுக்கும் ஆசை வரும். வேண்டாம். 'காமர்ஸ்' என்றே போடுங்கள். அந்தக் காரணத்துக்காக ஒரு படிவம் உங்களைத் தள்ளினால், அங்கே வேலை பார்ப்பவர் ஒருவரைத் தேடி, போர்ட்ஃபோலியோவை நேராக அனுப்பிப் பார்க்கலாம்.

விளக்கம் எடுபடாத இடங்கள்

எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் திறக்காத கதவுகள் சில உண்டு. அறிவிப்பிலேயே டிசைன் பட்டமான பி.டெஸ். அல்லது நுண்கலைப் பட்டமான பி.எஃப்.ஏ. கட்டாயம் என்று போட்டிருக்கும் அரசுப் பணிகளிலும், சில நிறுவனங்களின் கேம்பஸ் தேர்விலும் கதைக்கு இடமில்லை. விதியில் இல்லாதவரை அங்கே இருப்பவர் நினைத்தாலும் எடுக்க முடியாது.

பட்டமே வேண்டும் என்று நினைத்தால், ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சி.இ.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு, டிசைன் முதுநிலைப் பட்டமான எம்.டெஸ். படிப்புக்கான வழி. மூன்று வருடப் பட்டம் பெற்றவர் எந்தப் பாடமானாலும் எழுதலாம், இறுதி ஆண்டில் இருப்பவரும் எழுதலாம், வயது வரம்பு இல்லை. ஆனால் தேர்வு எழுதத் தகுதி இருப்பதும், ஒரு நிறுவனத்தில் சேரத் தகுதி இருப்பதும் தனித்தனி. சில இடங்களில் நான்கு வருடப் பட்டம் கேட்பார்கள், பி.காம் மூன்று வருடம்தான். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் சேர்க்கை விதியையும் தனியாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வெளிநாட்டு வேலைக் கனவு இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி விசா, செய்யும் வேலைக்கு நேரடித் தொடர்புள்ள துறையில் பட்டம் எதிர்பார்க்கிறது. இங்கே இன்டர்வியூவில் சொன்ன டி.சி. கதையைக் கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பட்டத்தோடு அனுபவச் சான்றுகளும் சேர்த்து மதிப்பிடப்படும் வழி உண்டு. ஆகவே முதல் டிசைன் வேலையிலிருந்தே பதவிப் பெயர், செய்த வேலை, சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் தெளிவாக உள்ள கடிதங்களை ஒவ்வொரு நிறுவனத்திலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மூடிவிட்ட பிறகு யாரிடமும் போய் வாங்க முடியாது.